சயின்ஸ் தமிழ்லயா இங்கிலீஷ்லயா: கிளாஸ்ல பேச விடுறதுக்கு முன்னாடி டீச்சர்மார் கேக்குற கேள்விகள்

நான் மேலூர் பக்கம் பிசிக்ஸ் எடுக்குற ஆளு. தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் ரெண்டு செக்ஷனையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு "சயின்ஸ எந்த மொழியில படிக்கலாம்"னு பேச விடுறது எங்க பக்கம் இப்ப நடக்குது. அத நடத்தப்போற டீச்சர்கள் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளுக்கு மட்டும் இங்க பதில் போட்டிருக்கேன்.

ரெண்டு அணியா பிரிச்சு பட்டிமன்றம் மாதிரி வச்சுட்டா போதாதா சார்?

வச்சுப் பாருங்க, பத்தே நிமிஷத்துல ஒரு பக்கம் தாய்மொழிப் பற்று, இன்னொரு பக்கம் ஐடி கம்பெனி வேலைனு ஆயிரும், நடுவுல சயின்ஸ் காணாமப் போயிரும். வீட்ல அப்பா என்ன சொன்னாரோ அதத்தான் பிள்ளை எந்திரிச்சு சொல்லும். அது அதோட கருத்தும் இல்ல, அனுபவமும் இல்ல.

அதுக்குப் பதிலா முதல்ல ஒரு சயின்ஸ் கேள்விய குடுத்து ரெண்டு மொழியிலயும் விளக்க வைங்க, எந்த இடத்துல எந்த மொழி அவங்கள கைவிட்டுச்சு எந்த இடத்துல தூக்கி விட்டுச்சுன்றத அவங்களே பாத்துக்கட்டும், மொழியப் பத்தின பேச்சு அதுக்கப்புறம் தானா வரும். ரெண்டு பீரியட் சேந்தாப்புல கிடைச்சா நல்லது, ஒன்னுதான்னா கணக்குப் போடுற பகுதிய மறுநாளைக்கு வச்சுக்கோங்க.

எந்தக் கேள்வியில ஆரம்பிக்கிறது?

நான் எப்பவும் எடுக்குறது மண்பானை. "மண்பானையில ஊத்தி வச்ச தண்ணி ஏன் ஜில்லுனு ஆகுது?" அவ்வளவுதான். மானாமதுரைப் பானை இந்தப் பக்கம் பாக்காத வீடு கிடையாது, சித்திரைத் திருவிழாவுக்குப் போடுற தண்ணிப் பந்தல்ல பானைக்கு அடியில ஈர மணல் கொட்டி வச்சிருக்குறத எல்லாப் பிள்ளையும் பாத்திருக்கும், அதனால எனக்குத் தெரியாதுனு யாரும் ஒதுங்க முடியாது.

ஆளுக்கு ஒரு துண்டுப் பேப்பர். ஒரு பக்கம் இங்கிலீஷ்ல ரெண்டு வரி, திருப்பிப் போட்டு இன்னொரு பக்கம் வீட்ல அப்பத்தாகிட்ட சொல்ற மாதிரி தமிழ்ல ரெண்டு வரி. புக்குல இருக்குற தமிழ் வேணாம், பேச்சுத் தமிழ்லயே எழுதச் சொல்லுங்க, இத ரெண்டு மூணு தடவ சொல்லணும், இல்லாட்டி "ஆவியாதல் நிகழ்வதால்"னு ஆரம்பிச்சிருவாங்க. பேர் எழுத வேண்டாம், மார்க்கும் கிடையாதுன்னும் சொல்லிருங்க.

பேப்பர வாங்கி வச்சுட்டு அப்புறம் இந்த மூணையும் ஒன்னொன்னா கேளுங்க. பானைக்கு வெளிய பெயிண்ட் அடிச்சா அப்பவும் ஜில்லுனு ஆகுமா? தண்ணியே ஊத்தாத வெறும் பானைக்குள்ள தெர்மாமீட்டர வச்சா என்ன காட்டும்? மதுரையில மே மாசம் நல்லா குளுறுற அதே பானை கடலோரத்து ஊர்ல ஏன் அந்த அளவுக்குக் குளுறல? இந்த மூணுலதான் விஷயமே இருக்கு.

நான் பயாலஜி எடுக்குறவ. பானை விஷயத்த முதல்ல எனக்கு முழுசா சொல்லுங்க

பானை சுட்ட மண்ணு, அதுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைக நெறைய இருக்கு. தண்ணி அது வழியா கசிஞ்சு வெளிப்பக்கத்துக்கு வருது, அங்க காத்து பட்டு ஆவியாகுது. தண்ணியா இருக்குறது ஆவியா மாறணும்னா அதுக்கு வெப்பம் வேணும், அத பக்கத்துல இருக்குற பானையில இருந்தும் உள்ள இருக்குற தண்ணியில இருந்தும் எடுத்துக்குது. அதனால உள்ள மிச்சமிருக்குற தண்ணி குளுறுது.

இப்ப கணக்கு. ஒரு கிலோ தண்ணி ஆவியாக புக்குல போட்டிருக்குறது 2260 கிலோஜூல், ஆனா அது 100 டிகிரியில கொதிக்கும்போது உள்ள மதிப்பு, நம்ம ரூம்ல இருக்குற 30 டிகிரி பக்கம் அது 2430 கிட்ட வரும். பத்து லிட்டர் பானையில 100 மில்லி, அதாவது 0.1 கிலோ, ஆவியாப் போச்சுனு வைங்க, Q = mL போட்டா 0.1 × 2430, அதாவது 243 கிலோஜூல். இந்த வெப்பம் மொத்தமும் உள்ள இருக்குற தண்ணியில இருந்தே போச்சுன்னா Q = mcΔT, ஒரு கிலோ தண்ணிய ஒரு டிகிரி மாத்த 4.2 கிலோஜூல், பத்து கிலோவுக்கு 42, ஆக 243 ÷ 42, கிட்டத்தட்ட 5.8 டிகிரி குறையணும். நெசத்துல அவ்வளவு குறையாது, ஏன்னா வெளிக்காத்துல இருந்து சூடு உள்ள வந்துக்கிட்டேதான் இருக்கும், பானையையும் சேத்துக் குளுர வைக்கணும். ஒரு டம்ளர் தண்ணி கூட முழுசா போகல, அதுக்கே இவ்வளவு இறங்குதுன்னு பிள்ளைக ஆச்சரியப்படும், அங்க கொஞ்சம் நிறுத்துங்க.

மூணு கேள்விக்கும் பதில் இதுக்குள்ளயே இருக்கு. பெயிண்ட் அடிச்சா ஓட்டை அடைபட்டுரும், கசிவு நின்னுரும், அப்ப அது சாதாரண குடந்தான் (நம்ம போர் தண்ணி உப்பு ஏறிப்போன பழைய பானை சரியா குளுறாததுக்கும் இதே காரணந்தான்). வெறும் பானை ரூம் என்ன சூட்டுல இருக்கோ அதே சூட்டுல இருக்கும். காத்துல ஏற்கனவே ஈரப்பதம் ஜாஸ்தியா இருந்தா ஆவியாகுறது மெதுவாயிரும். இதுக்கு ஒரு எல்லையும் இருக்கு, ஈரத்துணி சுத்தின தெர்மாமீட்டர் என்ன காட்டுதோ அதுக்குக் கீழ பானைத் தண்ணி போகாது. 38 டிகிரி வெயில், ஈரப்பதம் 30 சதவீதம்னா அந்த எல்லை 24 டிகிரி பக்கம் வரும், 34 டிகிரிதான் ஆனா ஈரப்பதம் 70 சதவீதம்னா எல்லை 29லயே நின்னுரும். வெயில் கம்மியா இருக்குற ஊர்ல தண்ணி நம்மளுத விட சூடா இருக்குன்றது இதனாலதான்.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக டக்குனு கரெக்டா எழுதிருச்சு, தமிழ்ல எழுதச் சொன்னா முழிக்குது. அப்ப இங்கிலீஷ்தான பெட்டர்?

அவசரப்படாதீங்க, பேப்பரத் திருப்புங்க.

இங்கிலீஷ் பக்கத்துல பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும், ட்யூ டு எவாப்பரேஷன் த வாட்டர் கெட்ஸ் கூல்ட். புக்கு வரி, முழு மார்க். அதே பேப்பரோட பின் பக்கம் அதே பிள்ளை எழுதியிருக்கும்: "மண்ணு குளுச்சி, அதான் தண்ணியும் குளுந்துருது." நீங்க முதல்ல பாக்க வேண்டியது இதத்தான். நம்ம வீட்டுப் பேச்சுல குளுச்சின்றது பொருளோட குணம். இளநீ குளுச்சி, பப்பாளி சூடு, கோழிக்கறி சூடு, தர்பூசணி குளுச்சி. அந்த வரிசையில மண்ணும் குளுச்சி. பிள்ளை மனசுல நெசமா உக்காந்திருக்குற விளக்கம் இதுதான், எவாப்பரேஷன்றது பரீட்சைக்கு மேல ஒட்டி வச்ச லேபிள்.

இப்ப பெயிண்ட் கேள்விய கேளுங்க. லேபிள் மட்டும் வச்சிருக்குற பிள்ளை "பெயிண்ட் அடிச்சாலும் உள்ள மண்ணுதான சார், குளுறும்"னு சொல்லும். எங்க கிளாஸ்ல ஒருத்தன், தமிழ் மீடியம், இங்கிலீஷ் பக்கத்த காலியாவே விட்டுருந்தான், தமிழ்ல மட்டும் "தண்ணி வெளிய வேர்க்குது, அந்த வேர்வ காயும்போது சூட்ட இழுத்துட்டுப் போயிருது"னு எழுதியிருந்தான். கேட்ட உடனே "பெயிண்ட் அடிச்சா வேர்க்காதுல்ல சார், அப்புறம் எப்படி குளுறும்"னுட்டான். ஒரு டெக்னிக்கல் டெர்ம் கூட அவனுக்குத் தெரியல, ஆனா விஷயம் அவன்கிட்டதான் இருந்துச்சு.

அதுக்காக தமிழ் மீடியம்னாலே புரிஞ்சிருச்சுன்னும் இல்ல, அந்த செக்ஷன்லயும் பாதிப் பேர் மண்ணு குளுச்சினுதான் எழுதியிருந்தான். தமிழ்ல எழுத வச்சா தப்பு வெளிய தெரியுது, இங்கிலீஷ்ல எழுத வச்சா தப்பு ஒளிஞ்சுக்குது. தப்பு கண்ணுல பட்டாத்தான நம்ம திருத்த முடியும், மூலையில ஒரு வெறும் பானைய தெர்மாமீட்டரோட வச்சுக் காட்டுறதுக்கு அப்பத்தான் ஒரு அர்த்தம் இருக்கு.

தமிழ்ல பேசும்போது எல்லாத்துக்கும் சூடு சூடுனே சொல்றாங்க. வெப்பமா வெப்பநிலையானு தெரிய மாட்டேங்குதே?

ஆமா, வீட்டுத் தமிழ் காலை வாரி விடுற இடம் இதுதான், மறைக்க வேண்டியதில்ல. எவ்வளவு வெப்பம் போச்சு, எத்தன டிகிரி இறங்குச்சுன்றது ரெண்டு வேற விஷயம், சூடுன்ற ஒரே வார்த்தைய வச்சுக்கிட்டு மேல போட்ட கணக்க யோசிக்கவே முடியாது. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கு ஹீட், டெம்பரேச்சர்னு ரெண்டு வார்த்தை கையில இருக்கு, ஆனா அதுவும் ஹீட் 38 டிகிரினு எழுதும், பாத்துருப்பீங்க.

இதுக்கு ஒரு பத்து நிமிஷ வேலை இருக்கு. ஒரு டம்ளர்ல கொதிக்கிற தண்ணி, ஒரு வாளியில வெதுவெதுப்பான தண்ணி. ரெண்டுலயும் ஒரே அளவு ஐஸ் கட்டிகளப் போடப்போறோம், எதுல ஜாஸ்தி ஐஸ் உருகும்னு முன்னாடியே கேளுங்க. டம்ளர்தான் சூடு, அதுலதான்னு நெறையப் பேர் சொல்லுவான். நெறைய ஐஸ் போட்டுப் பாருங்க, டம்ளர்ல கொஞ்சம் உருகி அதுக்கு மேல உருக மாட்டேனு நின்னுரும், வாளி எல்லாத்தையும் கரைச்சிரும். "அப்ப சூடு எதுல சார் ஜாஸ்தி?"னு பிள்ளையே கேக்கும். அந்தக் கேள்வி வந்ததுக்கு அப்புறம் போர்டுல வெப்பம், வெப்பநிலைனு எழுதுங்க, பக்கத்துலயே ஹீட், டெம்பரேச்சரும் எழுதுங்க. தேவை வந்த பெறகு குடுத்த வார்த்தை எந்த மொழியா இருந்தாலும் ஒட்டிக்கிரும்.

புக்குல இருக்குற தமிழ் எங்க பிள்ளைகளுக்கு இங்கிலீஷ விட கஷ்டமா இருக்கு. இதுல எங்க தாய்மொழி?

நியாயமான கேள்வி. "தன் வெப்ப ஏற்புத்திறன்"னு யார் வீட்லயும் பேசுறதில்ல. நம்ம கிளாஸ்ல வீட்டுப் பேச்சு, புக்குத் தமிழ், இங்கிலீஷ்னு மூணு ஓடுது. தமிழ் மீடியத்துல வச்சிருக்கோம்ன்றதுக்காக பிள்ளை தாய்மொழியில படிக்குதுனு நினைச்சுக்கிட்டு புக்க அப்படியே வாசிச்சுட்டுப் போற டீச்சரும் இருக்காங்க, அந்த கிளாஸ்ல நடக்குறதும் மனப்பாடந்தான்.

ஒரு வசதி மட்டும் இருக்கு. அந்த நீளமான வார்த்தையப் பிரிச்சுப் போட்டா உள்ள இருக்குறது நம்ம வார்த்தைதான், வெப்பத்த எவ்வளவு ஏத்துக்க முடியுது, அவ்வளவுதான், ஒருவாட்டி பிரிச்சுக் காட்டிட்டா பிள்ளை அதுவா புரிஞ்சுக்கிரும். முன்னாடி நிக்குற தன், ஸ்பெசிஃபிக் ஹீட் கெப்பாசிட்டியில வர்ற ஸ்பெசிஃபிக், ரெண்டுக்கும் ஒரு கிலோவுக்குன்னு அர்த்தம், அத மட்டும் எந்த மொழியிலயும் தனியா சொல்லித் தரணும். ஆனா எல்லா வார்த்தையும் இப்படி அழகா பிரியாது, பிரியாதத இழுத்துப் பிரிக்க வேண்டாம்.

ரெண்டையும் கலந்து பேசினா ரெண்டும் கெட்டுப் போகாதா?

எல்லா இங்கிலீஷ் மீடியம் கிளாஸ்லயும் கலந்துதான் நடக்குது, இன்ஸ்பெக்ஷன் வர்ற அன்னைக்குத் தவிர. கலக்குறது பிரச்சனை இல்ல, எந்த வேலைய எந்த மொழியில செய்யுறோம்னு யோசிக்காம கலக்குறதுதான் பிரச்சனை. விளக்கம் பூரா தமிழ்ல சொல்லிட்டு நோட்ஸ மட்டும் இங்கிலீஷ்ல டிக்டேட் பண்ணினா, ரெண்டுக்கும் நடுவுல பாலம் போடுற வேலைய பிள்ளை தலையிலதான் கட்டுறோம்.

நான் வச்சிருக்குற முறை இது: ஊகிக்கிறது, சண்டை போடுறது, காரணம் சொல்றது எல்லாம் வீட்டுத் தமிழ்ல. அளவெடுக்குறது, கணக்கு ரெண்டு மொழி வார்த்தையோட. கடைசியா எழுதுறது மட்டும் பரீட்சை எந்த மொழியோ அதுல, ஆனா பிள்ளையோட சொந்த வாக்கியத்துல, புக்கப் பாக்காம. அந்தக் கடைசிப் படிக்கு ஒரு கால் மணி நேரமாவது ஒதுக்கணும், அத விட்டுட்டா மேல செஞ்ச மொத்தமும் வீண்.

காலேஜ் போனா எல்லாமே இங்கிலீஷ். அப்ப தமிழ்ல படிச்சவன் திணற மாட்டானா?

திணறுவான், முதல் செமஸ்டர்ல நல்லாவே திணறுவான். ஆனா எதுல திணறுறான்னு கவனிச்சுப் பாத்தா எவாப்பரேஷன், லேட்டன்ட் ஹீட்டுல எல்லாம் இல்ல, அத ஒரு வாரத்துல பிடிச்சிருவான். அவன விழ வைக்கிறது அன்லெஸ், அட் லீஸ்ட், ரெஸ்பெக்டிவ்லி, நெக்லிஜிபிள், வேர்ஆஸ் மாதிரி சின்ன வார்த்தைக. இது எந்தக் கலைச்சொல் பட்டியல்லயும் இருக்காது, எந்த டீச்சரும் தனியா சொல்லித் தர்றதில்ல, ஆனா கேள்வியோட திருப்பமே அதுலதான் இருக்கும். அன்லெஸ்ஸ இஃப்னு படிச்சா கேள்வி தலைகீழாயிரும்.

அதனால பதினோராப்புல இருந்தே பழைய கேள்வித்தாள் ஒன்ன எடுத்து, கணக்குப் போடாம, கேள்வி என்ன கேக்குதுன்றத மட்டும் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க. வாரத்துக்கு ஒரு நாள், அஞ்சு கேள்வி போதும். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகளையும் சேத்துக்கோங்க, அதுகளும் இதே இடத்துலதான் விழுது.

நீட் தமிழ்ல எழுதுறது ரிஸ்க்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்வி நம்ம ஊர் கோர்ட்டு வரைக்கும் வந்ததுதான். 2018 நீட் தமிழ்க் கேள்வித்தாள்ல 49 கேள்வியில மொழிபெயர்ப்புத் தப்புனு கேஸ் போட்டாங்க, சிறுத்தைனு வர வேண்டிய இடத்துல சீத்தானு இருந்ததெல்லாம் அப்ப பேப்பர்ல வந்துச்சு. கேள்விக்கு நாலு மார்க் வீதம் 196 மார்க் குடுக்கணும்னு ஹைகோர்ட் மதுரைக் கிளை ஜூலையில சொல்லுச்சு, அதே மாசம் சுப்ரீம் கோர்ட் தடை போட்டுச்சு, அப்புறம் அந்தத் தீர்ப்பையே ரத்தும் பண்ணிருச்சு.

ஆக, வார்த்தையில சந்தேகம்னா இங்கிலீஷ் வடிவந்தான் இறுதின்ற விதி நிக்குது. தமிழ்ல எழுதுற பிள்ளைக்கு தமிழ்த் தாள்லயே இங்கிலீஷ் கேள்வியும் இருக்கும், தமிழ் வரி இடிச்சா அதப் பாத்துக்கத் தெரியணும். ரிஸ்க் தமிழ்ல இல்ல, மொழிபெயர்ப்புல இருக்கு. கிளாஸ்ல இதப் பேசும்போது ரெண்டையும் பிரிச்சுப் பேச வைங்க, இல்லாட்டி வேற எங்கயோ போயிரும்.

ஆராய்ச்சி ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க, பிள்ளைக ஆதாரம் கேக்குது

ரெண்டே போதும். நைஜீரியாவுல இஃபேன்ற ஊர்ல 1970ல ஆரம்பிச்ச திட்டம், ஒரு கூட்டத்துக்கு ஆறு வருஷமும் சயின்ஸ் உட்பட எல்லாம் யொரூபா மொழியில, இங்கிலீஷ் தனிப் பாடமா நல்ல டீச்சரோட. இன்னொரு கூட்டத்துக்கு மூணு வருஷத்துலயே இங்கிலீஷுக்கு மாத்தியாச்சு. யொரூபாவுல படிச்ச பிள்ளைக மத்த பாடத்துல முன்னாடி வந்துச்சு, இங்கிலீஷ்லயும் பின்தங்கல.

இன்னொன்னு ஹாங்காங். அங்க 1990கள்ல இங்கிலீஷ் மீடியம், சீன மீடியம் ஹைஸ்கூல் பிள்ளைகள வருஷக்கணக்கா தொடர்ந்து பாத்தாங்க. இங்கிலீஷ்ல படிச்சதுக்கு இங்கிலீஷ் கூடுச்சு, ஆனா சயின்ஸ், வரலாறு, புவியியல்ல நல்லாவே அடி. கணக்குல அடி ரொம்பக் கம்மி, ஏன்னா கணக்குல வாக்கியம் கம்மி, குறியீடு ஜாஸ்தி. நம்ம பானையிலயும் அதேதான பாத்தோம், Q = mL போடுறதுல ரெண்டு செக்ஷனுக்கும் வித்தியாசம் இல்ல, ஏன்னு சொல்றதுலதான் வித்தியாசம். ஒன்னு மட்டும் சொல்லிருங்க, இஃபேல இங்கிலீஷ் நல்லா சொல்லித்தர தனி டீச்சர் இருந்தாங்க, நம்ம தமிழ் மீடியத்துல அது இருக்கானு அவங்களே யோசிக்கட்டும்.

வீட்ல சௌராஷ்டிரா பேசுற பிள்ளை, தெலுங்கு பேசுற பிள்ளை இருக்கே, அதுகளுக்கு?

மதுரையில இது இல்லாத கிளாஸ் இருக்காது. அந்தப் பிள்ளைகளுக்கு தமிழ் தெருவுலயும் ஸ்கூல்லயும் ஓடுற மொழி, நல்லாவே பேசும், பேப்பர்ல பின் பக்கம் வீட்டு மொழியிலயே யோசிச்சு தமிழ் எழுத்துல எழுதிக்கோனு சொல்லுங்க. நமக்குப் புரியாட்டி பக்கத்துல கேட்டுக்கலாம்.

கடைசியில நான் ஒரு தீர்ப்பு சொல்லணுமா?

வேண்டாம். துண்டுப் பேப்பர எல்லாம் கட்டி பீரோவுல வைங்க. மூணு வாரம் கழிச்சு வேற ஒரு கேள்வி குடுங்க, டேபிள் ஃபேன் முன்னாடி உக்காந்தா குளுறுதே, அப்ப அந்த ஃபேன் முன்னாடி தெர்மாமீட்டர வச்சா டிகிரி குறையுமா? இதையும் அதே மாதிரி ரெண்டு பக்கமும் எழுதட்டும். குறையாதுன்றது சரியான பதில், காஞ்ச தெர்மாமீட்டருக்கு வேர்க்காது. பழைய கட்டையும் புதுக் கட்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, பேர் இல்லாததால யாருதுனு தெரியாது, ஆனா மண்ணு குளுச்சி, காத்து குளுச்சின்ற பதில் எத்தன குறைஞ்சிருக்குன்னு எண்ணிரலாம்.